கூட்டுத்தொகை சரி, உள்ளே நான்கும் தப்பு: கடலூர்ப் பட்டறை ஒன்றின் பில் டிஸ்கவுண்டிங் அட்வைஸ்

2025 ஜூன் 12, வியாழக்கிழமை மதியம். மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்தில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் போன் செய்தார். அவருடைய கணக்கை ஆறு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். "தம்பி, பில்லுக்குப் பணம் ஏறிடுச்சு. ஆறு லட்சத்து அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம். நான் ஏழே முக்காலுக்கு மேல வரும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அட்வைஸ் அனுப்பிருக்கேன், பாரு" என்றார். பில்லுக்கு எவ்வளவு கொடுத்தோம், எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்று நிதி நிறுவனம் அனுப்பும் கணக்குக் காகிதத்தைத்தான் அட்வைஸ் என்கிறார்.

பின்னணி இதுதான். அவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளாஞ்சுகள் செய்து புனே பக்கத்தில் உள்ள ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு அனுப்புகிறார். அந்தக் கம்பெனி சரக்கு வாங்கி 45 நாள் கழித்துத்தான் பணம் தரும். அதுவரை ஸ்டீல் வாங்கவும் ஆள் கூலி கொடுக்கவும் கையில் காசு வேண்டும். அதனால் ஒரு நிதி நிறுவனத்தில் பில் டிஸ்கவுண்டிங் வசதி வாங்கியிருந்தார். பில்லைக் காட்டினால் அதில் ஒரு பங்கை அட்வான்ஸாக உடனே தருவார்கள்; வாங்கியவர் பணம் கட்டியதும் மீதியைத் தருவார்கள். இடைப்பட்ட நாட்களுக்கான வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் டிஸ்கவுண்ட் கட்டணம். இது அவருடைய முதல் பில்.

சிறுதொழில்காரர்களின் பில்களை நிதி நிறுவனங்கள் ஆன்லைனில் எடுத்துப் பணம் தரும் டிரெட்ஸ் தளத்தில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 250 கோடி ரூபாய்க்கு மேல் வர்த்தகம் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்தப் புனே கம்பெனி அந்த அளவு பெரியது இல்லை, தானாகச் சேரவும் இல்லை. வாங்குபவர் உள்ளே இல்லாவிட்டால் விற்பவர் மட்டும் போய் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நேரடி வசதி. இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிரெட்ஸில் வாங்கியவர் பணம் கட்டாமல் போனால் சிறுதொழில்காரரிடம் திரும்ப வரமாட்டார்கள். இங்கே வருவார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

அட்வைஸ் ஒரே பக்கம்தான். பில் தேதி ஜூன் 3. சரக்கு மதிப்பு 8,00,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,44,000, மொத்தம் 9,44,000. அட்வான்ஸ் 85 சதவீதம் என்று போட்டு 6,80,000. டிஸ்கவுண்ட் 14 சதவீதம், 13,035. செயலாக்கக் கட்டணம் 1,500, அதற்கு ஜி.எஸ்.டி. 270. கையில் வந்தது 6,65,195. டியூ டேட் ஜூலை 18. கீழே சின்ன எழுத்தில் ரிகோர்ஸ் பற்றி, அதாவது வாங்கியவர் கட்டாவிட்டால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது பற்றி, இரண்டு வரி.

இந்த மாதிரிக் காகிதம் வந்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கழித்துப் பார்ப்பார்கள், பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடுவார்கள், ஒத்துப்போனால் ஃபைலில் போடுவார்கள். 6,80,000-இல் 13,035-உம் 1,770-உம் போனால் 6,65,195. சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கழித்தல் ஒன்றையும் நிரூபிப்பதில்லை. அவர்களுடைய எண்கள் அவர்களுடைய எண்களோடு பொருந்துகின்றன, அவ்வளவுதான். அட்வைஸைச் சரிபார்ப்பது என்றால் அதில் இல்லாத மூன்று காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது: வசதியின் நிபந்தனைகளைச் சொல்லும் சாங்ஷன் லெட்டர், வாங்கியவருடைய பர்சேஸ் ஆர்டர், சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு அவர்கள் போட்ட ஜி.ஆர்.என். மூன்றையும் மேசையில் விரித்துக்கொண்டேன்.

முதலில் டிஸ்கவுண்டை நானே போட்டுப் பார்த்தேன். சாங்ஷன் லெட்டரின்படி அட்வான்ஸ் தொகையின் மேல் ஆண்டுக்கு 14 சதவீதம், 365 நாள் கணக்கு, பணம் ஏறிய நாளிலிருந்து டியூ டேட் வரை. பில் மொத்தத்தில் 85 சதவீதம் என்றால் அட்வான்ஸ் 8,02,400. பர்சேஸ் ஆர்டரை வைத்து நான் எடுத்த டியூ டேட் ஜூலை 24, அதாவது 42 நாள்.

```
8,02,400 × 14% × 42 ÷ 365 = 12,926
```

அட்வைஸில் 13,035. வித்தியாசம் 109 ரூபாய். அண்ணனும் மனக்கணக்காகப் பதின்மூன்றாயிரம் வட்டி போகும் என்றுதான் வைத்திருந்தார், அதனால் அந்த வரியின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அட்வான்ஸ் 8,02,400 வரவே இல்லை, 6,80,000 தான் வந்திருக்கிறது. நாளும் 42 இல்லை, அவர்கள் தேதிப்படி 36. கொடுத்த பணமும் குறைவு, நாளும் குறைவு, வட்டி மட்டும் எப்படி அதே அளவு?

இங்கேதான் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். பிடித்த தொகையை 365 ஆல் பெருக்கி, உண்மையில் கொடுத்த அட்வான்ஸையும் நாளையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் உண்மையான வட்டி விகிதம் கிடைக்கும்.

```
13,035 × 365 ÷ (6,80,000 × 36) = 0.194
```

19.4 சதவீதம். லெட்டரில் 14. முன்கூட்டியே பிடிப்பதால் கையில் வரும் தொகையைப் பொறுத்துப் பார்த்தால் விகிதம் சற்று ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவு நாட்களுக்கு 14 என்பது 14.2 ஆகும், 19.4 ஆகாது. எந்த அடிப்படையில் போட்டிருப்பார்கள் என்று தேடினேன். முழு பில் தொகையான 9,44,000-க்கு 36 நாள் போட்டால் அச்சாக 13,035 வந்தது. அட்வான்ஸைக் கணக்கிட ஜி.எஸ்.டி. இல்லாத 8,00,000, வட்டி பிடிக்க ஜி.எஸ்.டி. சேர்த்த 9,44,000. நாட்கள் குறைந்த தப்பும் தொகை கூடின தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி, கடைசி எண்ணைச் சரியானது போலக் காட்டியிருக்கின்றன. கொடுத்த 6,80,000-க்கு 36 நாளுக்கு நியாயமாகப் பிடிக்க வேண்டியது 9,390 தான்.

செயலாக்கக் கட்டணத்தில் பிரச்சினை இல்லை. லெட்டரில் ஒரு பில்லுக்கு 1,500, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இருந்தது, அப்படியே பிடித்திருந்தார்கள். டிஸ்கவுண்டின் மேல் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்களா என்றும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். வட்டியாகவோ டிஸ்கவுண்டாகவோ வாங்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதில் ஒழுங்காக இருந்தார்கள்.

இனி டியூ டேட். இந்த அட்வைஸில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது இதுதான். காரணம், பார்க்கிறவருக்கு இது சாதகமான தப்பு போலத் தெரியும். நாள் குறைந்தால் வட்டி குறையும், நல்லதுதானே என்று தோன்றும்.

பர்சேஸ் ஆர்டரில் "ஜி.ஆர்.என். தேதியிலிருந்து 45 நாள்" என்று தெளிவாக இருந்தது. பில் ஜூன் 3 அன்று போட்டது. கடலூரிலிருந்து பார்சல் லாரியில் ஏற்றி, நடுவில் சரக்கு மாற்றி, புனே போய் இறங்கியது ஜூன் 9. அன்றைக்கே ஜி.ஆர்.என். போட்டுவிட்டார்கள். அண்ணன் சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தபோது சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை இறக்கி, அவர் கையிலேயே பென்சிலைக் கொடுத்தேன். ஜூன் 9-ஐ வட்டம் போட்டார். அன்றைய நாளை எண்ணக்கூடாது, அடுத்த நாள்தான் ஒன்று. 10-இலிருந்து 30 வரை 21 நாள். பாக்கி 24. ஜூலை 24-இல் பென்சில் நின்றது. பிறகு பில் தேதியான ஜூன் 3-இலிருந்து எண்ணச் சொன்னேன். 27 நாள் ஜூனில், பாக்கி 18. ஜூலை 18. "அவங்க பில் தேதியிலேர்ந்து எண்ணிட்டாங்க" என்று அவரே சொன்னார்.

ஏன் அப்படி எண்ணினார்கள் என்று பார்த்தபோது தப்பு நம் பக்கத்திலும் இருந்தது. டேலியில் பில் போடும்போது கட்டண நிபந்தனை என்ற இடத்தில் வெறுமனே "45 நாள்" என்று அச்சாகியிருந்தது. எதிலிருந்து 45 நாள் என்று இல்லை. நிதி நிறுவனத்தில் அட்வைஸ் தயாரிப்பவர் கையில் பில்தான் முதலில் இருக்கும். அவர் பில் தேதியோடு 45-ஐக் கூட்டிவிட்டார். அந்த வரியை அப்படி அமைத்துக் கொடுத்தவன் நான். அதைச் சொல்லாமல் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை.

வாங்குகிற கம்பெனி தன் பர்சேஸ் ஆர்டர்படி ஜூலை 24-க்கு முன் ஒரு ரூபாய் தரப் போவதில்லை. நிதி நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஜூலை 18 என்று இருந்தால், யாரும் தாமதம் செய்யாமலேயே ஆறு நாள் தாமதம் பதிவாகும். அந்த நாட்களுக்கு ஒப்பந்தப்படி 14 சதவீத வட்டி தொடரும், மேலே 4 சதவீதம் தாமதக் கட்டணம், மொத்தம் 18. அதாவது முன்னால் மிச்சமானது போலத் தெரிந்த நாட்களின் வட்டி பின்னால் கூடுதல் விகிதத்தில் வந்து சேரும். வட்டியை விடப் பெரிய ஆபத்து கீழே இருந்த சின்ன எழுத்தில் இருந்தது.

சாங்ஷன் லெட்டரின் ரிகோர்ஸ் பகுதி இப்படிச் சொல்கிறது: டியூ டேட்டிலிருந்து 30 நாளுக்குள் வாங்கியவர் பணம் கட்டாவிட்டால், அட்வான்ஸ் தொகையை விற்றவர் திருப்பித் தர வேண்டும். அட்வைஸின் அடியிலோ, "டியூ டேட் அன்று பணம் வராத பட்சத்தில் விற்பவரின் கணக்கில் நாச் மாண்டேட் மூலம் வசூலிக்கப்படும்" என்று இருந்தது. முப்பது நாள் காணோம். நாச் மாண்டேட் என்பது நம் பேங்க் கணக்கிலிருந்து அவர்களே தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் தரும் அனுமதி. வசதி வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த மாண்டேட்டை ஜூலை 18 அன்றே அவர்கள் பேங்குக்கு அனுப்பலாம் என்று இதற்குப் பொருள்.

அந்தக் கணக்கில் அன்றைக்கு 6,80,000 இருக்காது. எந்தப் பட்டறையில் இருக்கும்? இருந்தால் எதற்கு பில்லை டிஸ்கவுண்ட் செய்ய வேண்டும்? பணம் இல்லாமல் நாச் திரும்பினால் இரண்டு பக்கமும் கட்டணம், கடன் வரலாற்றில் கறை. அதோடு நிற்காது. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, காசில்லாமல் மாண்டேட் திரும்புவது செக் திரும்பியது மாதிரியே வழக்குக்கு உரியது. வாங்கியவர் சொன்ன தேதிக்கு ஒழுங்காகக் கட்டினாலும் விற்றவர் மேல் நோட்டீஸ் வரக்கூடிய நிலை. ஒரே ஒரு தேதி ஆறு நாள் முன்னால் விழுந்ததால்.

ரிகோர்ஸ் என்ற சொல்லைக் கண்டாலே "எல்லாருக்கும் இப்படித்தான், ரிகோர்ஸ் இல்லாமல் யார் தருவாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். இருக்கிறதா இல்லையா என்பது பாதிக் கேள்விதான். எந்த நாளிலிருந்து, எவ்வளவு தொகைக்கு, எந்த வழியில், எத்தனை நாள் முன்னறிவிப்போடு திரும்பக் கேட்பார்கள் என்பது மீதி. ரிகோர்ஸ் இல்லாத வசதியிலும் சரக்கில் குறை என்று வாங்கியவர் தகராறு செய்தால் அது விற்றவர் தலையில்தான் வரும். வாங்கியவர் காசில்லாமல் நொடித்துப்போனால் மட்டுமே பாதுகாப்பு.

கடைசியாக அட்வான்ஸ் சதவீதம். சாங்ஷன் லெட்டரின் விளக்கப் பகுதியில் "பில் மதிப்பு என்பது வரி உட்பட பில்லில் காட்டப்பட்ட மொத்தத் தொகை" என்று இருந்தது. அதில் 85 சதவீதம் 8,02,400. வந்தது 6,80,000. வித்தியாசம் 1,22,400. பணம் எங்கும் போய்விடவில்லை, கடைசியில் மீதித் தொகையோடு வந்துவிடும். ஆனால் ஜூன் மாத ஜி.எஸ்.டி.யை ஜூலை 20-க்குள் கட்ட வேண்டும், வாங்கியவர் தருவது அதற்கு நான்கு நாள் கழித்து. இந்த பில்லின் 1,44,000 வரியில் ஸ்டீல் வாங்கிய வரி வரவைக் கழித்தாலும் மீதியைக் கைக்காசு போட்டுத்தான் கட்டியாக வேண்டும். அண்ணன் அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருந்தார்.

அட்வைஸ் வந்த ஏழு நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மறுநாள் காலையிலேயே மெயில் அனுப்பினோம். போனில் பேசுவது பிறகு நிற்காது. மெயிலில் நான்கு பத்தி. ஒவ்வொன்றிலும் அட்வைஸில் உள்ள எண், லெட்டரில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, எங்கள் கணக்கு. பர்சேஸ் ஆர்டர், ஜி.ஆர்.என். நகல் இரண்டையும் இணைத்தோம். கூடவே புனே கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு வரி கேட்டு வாங்கினோம்: இந்த பில்லுக்குப் பணம் செலுத்த வேண்டிய நாள் ஜூலை 24 என்று. அந்த ஒரு வரிக்கு எங்கள் நாலு பத்தியை விட மதிப்பு அதிகமாக இருந்தது. டியூ டேட்டை நிதி நிறுவனம் அன்றைக்கே மாற்றிவிட்டது.

நாச் பற்றிய வரி அவர்களுடைய பழைய படிவத்திலிருந்து வந்தது என்றும், லெட்டரில் உள்ள 30 நாள்தான் பொருந்தும் என்றும் மெயிலில் எழுதிக் கொடுத்தார்கள். அதன்படி ரிகோர்ஸ் நாள் ஆகஸ்ட் 23. டிஸ்கவுண்டையும் கொடுத்த அட்வான்ஸின் மேல் திருத்தினார்கள். நாள் 36 என்பது 42 ஆனது. 6,80,000-க்கு 42 நாள் 10,955. ஏற்கெனவே பிடித்த 13,035 போக 2,080 ரூபாய் திரும்ப ஏறியது.

அட்வான்ஸில் தோற்றோம். லெட்டரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். "பில் மதிப்பில் 85 சதவீதம் வரை" என்று இருந்தது. அந்த "வரை" என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. 85 என்பது உச்சவரம்பு, அதற்குக் கீழே எவ்வளவு தருவது என்பது எங்கள் விருப்பம், புது வாங்குபவர் என்றால் வரி நீங்கலாகத்தான் தருவோம் என்றார்கள். சொல்லளவில் அவர்கள் பேசியது சரி. பில் மொத்தத்தோடு ஒப்பிட்டால் தந்தது 72 சதவீதம்தான். 72 தருகிறவர் அட்வைஸில் 85 என்று அச்சடிப்பது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தெளிவாக்கியிருக்க வேண்டிய நேரம் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்தான்.

புனேயிலிருந்து பணம் வந்ததா? வந்தது, ஜூலை 24-இல் இல்லை. அவர்கள் செவ்வாய்க்கிழமைதான் பணம் அனுப்புவார்களாம். 24 வியாழன், அதனால் 29-ஆம் தேதி செவ்வாய் வந்தது. டி.டி.எஸ். 800 போக 9,43,200. ஐந்து நாள் தாமதத்துக்கு 18 சதவீதத்தில் 1,677 ரூபாய் பிடித்தார்கள். பழைய டியூ டேட்டே இருந்திருந்தால் பதினொரு நாள், 3,689. அதோடு பதினெட்டாம் தேதியே நாச் பேங்குக்குப் போயிருக்கும். அட்வான்ஸ் 6,80,000-உம் தாமதத் தொகையும் போக மீதி 2,61,523 அண்ணன் கணக்குக்கு வந்தது. தாமதம் செய்தது வாங்கியவர், கட்டியது விற்றவர். சிறுதொழில் சட்டப்படி பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு வட்டியை வாங்கியவரிடம் கேட்க அண்ணனுக்கு உரிமை இருக்கிறது. "1,677 ரூபாய்க்காக அடுத்த ஆர்டரை இழக்கச் சொல்றியா தம்பி" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

டேலியில் அந்த வரியை "ஜி.ஆர்.என். தேதியிலிருந்து 45 நாள்" என்று மாற்றினேன். சரக்கு புனேயில் இறங்கி ஜி.ஆர்.என். நகல் கைக்கு வந்த பிறகே பில்லை டிஸ்கவுண்டுக்கு அனுப்புகிறோம். இதனால் ஓரிரு நாள் பணம் தள்ளிப் போகிறது, ஆனால் டியூ டேட்டில் பேச்சுக்கே இடமில்லை.

ஆகஸ்டில் வசதியைத் திருத்தி எழுதும்போது நிதி நிறுவனம் அண்ணனிடம் இரண்டு வழி கொடுத்தது. இப்போது போல வரி நீங்கிய மதிப்பில் 85 சதவீதம், அல்லது வரி சேர்த்த மொத்தத்தில் 80 சதவீதம், "வரை" இல்லாமல். அவர் எனக்குப் போன் செய்யவில்லை. அதே பில் தொகையை வைத்துக் காலண்டர் பின்பக்கத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்து, 6,80,000-உம் 7,55,200-உம் என்று எழுதிய படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரி: "80க்கு கையெழுத்துப் போட்டுட்டேன்."